பேதி நின்ற பிறகும் அடங்காத வயிறு

“மேடம், பேதி நின்று நாலு மாதம் ஆகிறது. ஆனால் என் வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. காலையில் காபி குடித்ததும் ஒரு தடவை, டிபன் சாப்பிட்டதும் ஒரு தடவை, ஸ்கூலுக்குக் கிளம்பும்போது இன்னொரு தடவை. போவதற்கு முன்னால் அடிவயிற்றைப் பிடித்துச் சுருட்டுகிறது, போனபின் விடுகிறது. மத்தியானத்துக்கு மேல் புடவைக் கொசுவம் இறுக்கும் அளவுக்கு வயிறு உப்பிவிடுகிறது. எதைத் தின்றாலும் ஒத்துக்கொள்வதில்லை. பாலை நிறுத்தினேன், பிறகு இட்லி, தோசை, பருப்பு, பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இப்போது ரசம் சாதம், மோர் சாதம், பிரெட், ரஸ்க் மட்டும்தான். இன்னும் எதை நிறுத்தினால் சரியாகும்? ஒரு டயட் சார்ட் அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும்.”

எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை, வயது முப்பத்திரண்டு. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர் அனுமதியோடுதான் இதை இங்கே எடுத்திருக்கிறேன். உறவுக்காரர் வீட்டு வளைகாப்பில் சாப்பிட்ட மறுநாள் வாந்தியும் பேதியும் ஆரம்பித்து, ஒரு நாள் குளுக்கோஸ் ஏற்றும்படி ஆகியிருக்கிறது. அதே பந்தியில் சாப்பிட்ட கணவருக்கும் மாமியாருக்கும் ஒரு வாரத்தில் குணமாகிவிட்டது. இவருக்கு மட்டும் தொடர்ந்தது. மருந்துக் கடையில் கேட்டு மூன்று முறை ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள் குறைந்து, மறுபடி தொடங்கியிருக்கிறது. எடை மூன்று கிலோ குறைந்துவிட்டது.

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. கேள்வியும் பெரும்பாலும் ஒன்றேதான்: எதை நிறுத்த வேண்டும்? அதற்குப் பதில் சொல்வதற்கு முன் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். இது உண்மையில் என்ன கோளாறு? வயிறு கலங்குவதற்கு அவர் குற்றம் சாட்டும் உணவுதான் காரணமா?

முதல் கேள்வியை நான் தனியாகத் தீர்க்க முடியாது, அது மருத்துவரின் வேலை. ஆனால் கடிதத்தை வாசிக்கும்போதே சில வரிகளைக் குறித்துக்கொண்டேன். வலி வருகிறது, மலம் கழித்ததும் தணிகிறது. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு ஓட வைப்பதில்லை. ரத்தம் போகவில்லை, அவ்வப்போது சளி மட்டும் போகிறது. காய்ச்சல் இல்லை. எல்லாமே ஒரு தொற்றுக்குப் பிறகு ஆரம்பித்திருக்கிறது. இவை சேர்ந்தால், தொற்றுக்குப் பின் வரும் ஐ.பி.எஸ். என்று மருத்துவர்கள் சொல்லும் குடல் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். எரிச்சல் கொண்ட குடல் என்று தமிழில் சொல்லலாம். கிருமி போய்விட்டது, குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, ஆனால் குடல் நடந்துகொள்ளும் விதம் மாறிவிட்டது.

எடை குறைந்ததுதான் உறுத்தியது. ஐ.பி.எஸ். தானாக எடையைக் குறைக்காது. சாப்பாட்டைக் குறைத்ததால் எடை குறைந்ததா, சாப்பிட்டது உடலில் சேராததால் குறைந்ததா என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். அதனால் சார்ட் எதுவும் அனுப்பாமல், முதலில் ஒரு குடல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். அவர் ரத்த சோகை, உடலில் அழற்சி, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்தார். கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற மலப் பரிசோதனையும் செய்தார். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று வெவ்வேறு நாட்களில் எடுத்த மல மாதிரிகளில் தேடினார். இந்த ஒட்டுண்ணி தொடர்ந்து வெளிப்படுவதில்லை, ஒரே மாதிரியில் தப்பிவிடக்கூடும். நம் நாட்டில் குடல் காசநோயையும் மருத்துவர்கள் மனதில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

நம் பகுதிக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோயாகப் பரவியது. பேதியாக ஆரம்பிக்கும், பிறகு சாப்பாட்டுச் சத்து உடலில் சேராமல் ஆள் மெலிந்து, நாக்கு புண்ணாகி, ரத்தம் குறைந்துபோகும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பேக்கர், மாத்தன் என்ற இரு மருத்துவர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். இன்று அது மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் தொற்றுக்குப் பிறகு பேதி நிற்காமல், மலம் எண்ணெய்ப் பசையோடு பெரிதாகப் போய், எடையும் குறைந்தால் அதை நினைக்கத்தான் வேண்டும். ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் கொடுத்தால் குணமாகும் நோய் அது. ‘ஐ.பி.எஸ்.தான், பழகிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால், தீர்க்கக்கூடிய ஒன்றைத் தீர்க்காமல் விட்டதாகிவிடும்.

ஆசிரியைக்கு எல்லாப் பரிசோதனைகளும் சரியாகவே வந்தன. அவருடைய ஒரு நாள் சாப்பாட்டை எழுதி வாங்கிக் கணக்குப் பார்த்தபோது, அவருக்கு வேண்டியதில் பாதிக்குச் சற்று மேல்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எடை ஏன் குறைந்தது என்பது தெரிந்துவிட்டது.

அடுத்து, கிருமி போன பிறகும் வயிறு ஏன் அடங்கவில்லை? இதைப் பற்றி உலகம் அதிகம் கற்றுக்கொண்டது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டன் என்ற சிறு ஊரிலிருந்து. 2000 மே மாதம் கனமழையில் மாட்டுச் சாணம் கலந்த நீர், ஊருக்குத் தண்ணீர் தரும் கிணற்றில் இறங்கியது. குளோரின் போதிய அளவு கலக்கப்படவில்லை. ஈ-கோலை, காம்பைலோபேக்டர் என்ற இரண்டு பாக்டீரியாக்கள் குழாய் வழியே வீடுகளுக்குப் போயின. ஐயாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். ஒரே காலத்தில், ஒரே காரணத்தால் அத்தனை பேர் நோயுற்றதால், ஆராய்ச்சியாளர்கள் அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தும் நோயுற்றவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு ஐ.பி.எஸ். அறிகுறிகள் இருந்தன. எட்டு ஆண்டு முடிவில் அது 15 ஆகக் குறைந்தது. பெண்களுக்கும், வயதில் இளையவர்களுக்கும், ஆரம்பத் தொற்று கடுமையாக இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. வாக்கர்டனில் தொற்று மிகக் கடுமையானது. சாதாரணமாகப் பாக்டீரியா தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பந்தியில் உட்கார்ந்த மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் தொடர்ந்ததற்கு அவருடைய மனபலம் குறைவு என்று பொருளில்லை. ‘நினைத்து நினைத்தே வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறாய்’ என்று வீட்டில் சொன்னதாக அவர் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்து வருத்தமாக இருந்தது. தொற்றின்போது குடலின் உட்சுவர் சிதைகிறது, அதை எதிர்க்க நோய் எதிர்ப்பு அணுக்கள் திரள்கின்றன. கிருமி அழிந்த பின்னும் சிலருக்கு அந்த அணுக்களில் ஒரு பகுதி அங்கேயே தங்கி, பக்கத்தில் உள்ள நரம்பு முனைகளைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. செரோடோனினைச் சுரக்கும் குடல் செல்களும் கூடிவிடுகின்றன. செரோடோனின் என்றால் மூளையைத்தான் நினைப்போம். நம் உடலில் உள்ளதில் மிகப் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது, குடல் அசைவை வேகப்படுத்துவது அதுதான். இப்படிக் கூர்மையாகிவிட்ட குடலில் எல்லோருக்கும் உருவாகும் சாதாரண வாயுகூட வலியாக உணரப்படும். மனக் கவலை அதைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் இவருக்கு இந்தத் தொல்லை தொடங்கியது தொற்றில்.

இப்போது உணவுக்கு வருகிறேன். ‘இட்லி சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் ஓடுகிறேன், இட்லி ஆகவில்லை’ என்று ஆசிரியை எழுதியிருந்தார். பத்து நிமிடத்தில் அந்த இட்லி இரைப்பையை விட்டே நகர்ந்திருக்காது. அது பெருங்குடலை எட்டப் பல மணி நேரம் ஆகும். வெளியே போனது முந்தைய நாள் உணவு. சாப்பாடு இரைப்பைக்குள் இறங்கியதும், ‘இடம் விடு’ என்று பெருங்குடலுக்குச் செய்தி போவது எல்லா மனிதர்களுக்கும் உள்ள இயல்பான அனிச்சைச் செயல். காலை நேரத்தில் அது வலுவாக இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டால், எண்ணெய் அதிகமாக இருந்தால் இன்னும் வலுவாகும். கூர்மையான குடலில் அந்தச் செய்தி அவசரமாக மாறிவிடுகிறது. காபி அதைத் தனியாகவும் தூண்டும்.

ஆகவே சாப்பிட்டவுடன் வரும் அவசரத்துக்குக் கடைசியாகத் தின்ற பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்லிச் சொல்லி இட்லி, தோசை, பருப்பு, பழம் என்று ஒவ்வொன்றாகத் தட்டை விட்டுப் போய்விட்டன. அனிச்சைச் செயல் அப்படியே இருந்ததால் தொல்லையும் அப்படியே இருந்தது.

உணவின் வகையால் வரும் தொல்லை வேறு மாதிரி. சில மாவுச்சத்துகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் புளிக்க வைக்கப்பட்டு வாயுவாகின்றன, தண்ணீரையும் இழுக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இவற்றுக்கு ஃபோட்மேப் என்று கூட்டாகப் பெயரிட்டார்கள். கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் உள்ள ஃப்ரக்டான், பருப்பு வகைகளில் உள்ள சில சர்க்கரைகள், பாலில் உள்ள லாக்டோஸ், மாம்பழத்தில் உள்ள அதிகப்படி ஃப்ரக்டோஸ் ஆகியவை இதில் சேரும். இவற்றால் வரும் உப்புசம் சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், சில சமயம் மறுநாள்கூட. மத்தியானத்துக்கு மேல் கொசுவம் இறுகுவதற்குக் காலை டிபனையோ முந்தைய இரவுச் சாப்பாட்டையோதான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், ‘வயிற்றுக்கு இதமானது’ என்று நம்பி அவர் மிச்சம் வைத்திருந்த உணவிலேயே சிக்கல் இருந்தது. பிரெட்டும் ரஸ்க்கும் கோதுமை. ஜீரணத்துக்கு நல்லது என்று ரசத்தில் தினமும் ஆறேழு பல் பூண்டைத் தட்டிப் போட்டிருக்கிறார். இரண்டிலும் ஃப்ரக்டான் நிறைய. அவர் விலக்கிய அரிசி, இட்லியைவிட இவைதான் உப்புசத்துக்கு வாய்ப்புள்ளவை.

முதல் இரண்டு வாரம் எந்த உணவையும் விலக்கச் சொல்லவில்லை. சாப்பிடும் முறையை மட்டும் மாற்றினோம். பயத்தில் காலை டிபனைத் தவிர்த்து, ஒன்றரை மணிக்குப் பசியோடு வயிறு நிறையச் சாப்பிடும் வழக்கம் அவருக்கு வந்திருந்தது. அதற்குப் பதிலாக எழுந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்னியும், பத்தரை மணி இடைவேளையில் ஒரு முட்டையோ ஒரு கொய்யாவோ, மதியம் முன்னைவிடக் குறைவான சாதம், மாலையில் இன்னொரு சிறிய வேளை. வெறும் வயிற்றில் குடித்த காபியை டிபனுக்குப் பிறகு அரை டம்ளராக மாற்றினோம். பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் முன்பே டிபனை முடித்தால், குடல் தன் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். இரவில் ஒரு டீஸ்பூன் இசப்கோல், ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். மலச்சிக்கலுக்குத் தரும் இசப்கோலை பேதிக்கு ஏன் என்று கேட்டார். கரையும் நார் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இளகிய மலத்துக்கு உருவம் தரும், இறுகியதை இளக்கும். கோதுமைத் தவிடு இந்த வேலையைச் செய்யாது, பலருக்கு உப்புசத்தைக் கூட்டும். இத்தோடு ஆன்டிபயாட்டிக்கை அவராக வாங்கிப் போடுவதையும் நிறுத்தச் சொன்னேன். போராட அங்கே கிருமி இல்லை. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள்தான் ஒவ்வொரு முறையும் அடி வாங்குகின்றன.

இரண்டு வாரத்தில் காலை ஓட்டம் நான்கிலிருந்து இரண்டாகியது. உப்புசம் மட்டும் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் விலக்கல், அதுவும் நான்கு வாரத்துக்கு மட்டும்: கோதுமை, வெங்காயம், பூண்டு, துவரம்பருப்பு. அரிசி, இட்லி, தோசை, முட்டை, மீன், கோழி, கத்தரிக்காய், கேரட், பீன்ஸ், பூசணி, தக்காளி, பப்பாளி எல்லாம் தட்டுக்குத் திரும்பின. சாம்பாருக்குப் பாசிப்பருப்பை ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குறைந்த அளவில் வேக வைத்தார்கள்.

பூண்டு இல்லாமல் எப்படிச் சமைப்பது என்பது அவர் மாமியாரின் கவலை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பூண்டுப் பற்களை எண்ணெயில் மெதுவாகப் பொரித்து, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை மட்டும் வரும். ஒவ்வொரு முறையும் புதிதாகவே செய்ய வேண்டும், புட்டியில் ஊற்றி வைக்கக் கூடாது. குழம்பில் கொதிக்க விட்டு, சாப்பிடும்போது பூண்டை ஒதுக்கிவைப்பதால் பயனில்லை. கரைய வேண்டியது குழம்பில் ஏற்கனவே கரைந்திருக்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் போடலாம். சின்ன வெங்காயம் பெரிய வெங்காயத்துக்கு மாற்று ஆகாது, அதிலும் ஃப்ரக்டான் அதிகம். பெருங்காயம் கை கொடுக்கும், ஆனால் கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

நான்காவது வார முடிவில் உப்புசம் பெரும்பாலும் போய்விட்டது. பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், நன்றாக இருப்பதால் விலக்கியதை விலக்கியபடியே விட்டுவிடுகிறார்கள். அதைத்தான் நான் தீவிரமாக எதிர்க்கிறேன். ஃப்ரக்டானும் பருப்புச் சர்க்கரையும் குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவு. மாதக்கணக்கில் நிறுத்தினால் அவை குறையும், பருப்பை விட்டவருக்குப் புரதமும் குறையும்.

ஆகவே ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து சோதித்தோம். ஒரு பொருள், மூன்று நாள், கூடிக்கொண்டே போகும் அளவு. பிறகு இரண்டு நாள் இடைவெளி. முதல் நாள் ஒரு சப்பாத்தி, மறுநாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. பூண்டு அரைப் பல், ஒன்று, இரண்டு. அவருக்கு இரண்டு சப்பாத்தி வரை ஒன்றும் ஆகவில்லை, மூன்றாவதில் மாலை உப்புசம் வந்தது. பூண்டு இரண்டு பல் ஆனதும் தொல்லை தெரிந்தது. வதக்கிய வெங்காயம் கால் கப் வரை சரி. துவரம்பருப்புச் சாம்பார் ஒரு கரண்டி சரி, இரண்டு கரண்டிக்குச் சற்று கடமுடா.

பால் தனிக் கதை. லாக்டோஸைச் செரிக்கும் நொதி சிறுகுடல் சுவரின் நுனியில் இருக்கிறது, தொற்றில் முதலில் அடிபடுவதும் அந்த நுனிதான். எனவே முதல் சில வாரம் பாலை நிறுத்தியது சரியான முடிவு. சுவர் வளர்ந்ததும் நொதியும் பொதுவாகத் திரும்பும். தென்னிந்தியப் பெரியவர்கள் பலருக்கு அந்த நொதி இயல்பிலேயே குறைவுதான், ஆனாலும் அரை டம்ளர் காபிக்கு வேண்டிய பாலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பெரும்பாலோர் தாங்குவார்கள். இவரும் தாங்கினார்.

இத்தனைக்குப் பிறகும் அவர் முழுக்கக் குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். பரீட்சைக் காலத்திலும் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அவசரம் மறுபடி எட்டிப் பார்க்கிறது. அந்த நாட்களுக்கு மருத்துவர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். எடை இரண்டு கிலோ திரும்பிவிட்டது. உணவு முறை எல்லோருக்கும் பலன் தருவதுமில்லை. ஆறு வாரம் சரியாகச் செய்தும் மாற்றமே இல்லையென்றால் இன்னும் விலக்கிக்கொண்டே போவதில் பொருளில்லை. தண்ணீராகவே தொடர்ந்து போனால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பித்த உப்பு உறிஞ்சப்படாமல் போவது காரணமாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து உண்டு. மலத்தில் ரத்தம், காய்ச்சல், இரவில் எழுப்பும் பேதி, சாப்பிட்டும் குறையும் எடை, ரத்த சோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த மாற்றம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

இப்படியொரு கடிதத்தை நீங்கள் எழுத நேர்ந்தால், எதைச் சாப்பிட்டீர்கள் என்பதோடு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வயிறு கலங்கியது என்பதையும் ஒரு வாரத்துக்காவது எழுதி அனுப்புங்கள். மலம் எப்படிப் போகிறது என்று கூச்சப்படாமல் குறிப்பிடுங்கள். பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது: கட்டி கட்டியாகப் போவது முதல் எண், வழவழப்பாக உருவத்தோடு போவது நான்கு, வெறும் தண்ணீர் ஏழு. ‘இன்று காலை ஆறாம் எண், இரண்டு தடவை’ என்று எழுதினால் எங்களுக்குப் போதும். தொற்று எப்போது வந்தது, அப்போதும் பிறகும் என்ன மாத்திரை போட்டீர்கள், எடை எவ்வளவு மாறியது, வீட்டில் யாருக்காவது குடல் நோய் உண்டா என்பதும் வேண்டும். மாத்திரையின் பெயர் நினைவில்லை என்றால் காலி அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள்.